மல்லிகைக்கு மூன்று அளிப்பு அட்டவணை: ஒரு நாள், ஒரு பருவம், மூன்று ஆண்டு

அக்கா மகள் பதினோராம் வகுப்பில் பொருளியல் படிக்கிறாள். போன வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "மாமா, எனக்கு மட்டும் மைனஸ் வருது" என்றாள். அளிப்பு நெகிழ்ச்சிக்கு, அதாவது விலை மாறினால் விற்க வரும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதற்கு, உள்ளூர் உதாரணம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் மதுரை மல்லியை எடுத்துக்கொண்டு, தோராயமாக இரண்டு வரி எழுதியிருந்தாள். மே மாதம் கிலோ 400 ரூபாய், வரத்து 5 டன். ஜனவரியில் கிலோ 2,000 ரூபாய், வரத்து 1 டன். கணக்கைச் சரியாகத்தான் போட்டிருந்தாள். கீழே வரும் நடுப்புள்ளி முறையில் விடை மைனஸ் 1. விலை ஏறினால் விவசாயி குறைவாகக் கொண்டுவருகிறார் என்று அர்த்தமாகிவிடுகிறதே, அது எப்படி?

பிழை அந்த இரண்டு வரியிலேயே இருக்கிறது. ஜனவரியில் விலை ஏறியதால் பூ குறையவில்லை. பனிக்குச் செடி மொட்டு வைக்காததால் பூ குறைந்து, அதனால் விலை ஏறியது. மே மாதத்து அளிப்பு அட்டவணை வேறு, ஜனவரி மாதத்து அட்டவணை வேறு. ஒன்றிலிருந்து ஒரு வரியையும் மற்றதிலிருந்து ஒரு வரியையும் எடுத்து நெகிழ்ச்சி கணக்கிட்டால் இப்படித்தான் வரும். மார்க்கெட் விலையையும் வரத்தையும் அப்படியே எடுத்துக் கணக்குப் போடுகிறவர்கள் அடிக்கடி விழும் குழி இது. விடை மைனஸில் வந்தால் குழியில் விழுந்தது உடனே தெரிந்துவிடும். பிளஸில் ஏதோ ஓர் எண் வந்து தொலைத்தால்தான் ஆபத்து, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அளிப்பு அட்டவணை என்பது நடந்ததை எழுதிவைத்த பதிவேடு இல்லை. வானிலை, கூலி, உரவிலை எல்லாம் இருந்தபடியே இருக்க, விலை மட்டும் இவ்வளவானால் எவ்வளவு விற்க வருவார்கள் என்ற கேள்விக்கான பதில். அந்தக் கேள்வியில் இன்னொரு சொல் ஒளிந்திருக்கிறது: "எத்தனை நாளுக்குள்?" அதைச் சொல்லாவிட்டால் அட்டவணை பாதிதான்.

அவளுக்காக ஒரு கற்பனை அட்டவணை போட்டேன். மல்லிகை போடும் சில கிராமங்கள் சேர்ந்து, கிலோ 400 ரூபாய் விலையில் தினம் 1,000 கிலோ அனுப்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். மற்ற விலைகளில் எவ்வளவு வரும்?

| விலை (கிலோவுக்கு) | அதே நாளில் | அதே பருவத்துக்குள் | மூன்று ஆண்டு கழித்து |
|---|---|---|---|
| ரூ. 200 | 900 கிலோ | 800 கிலோ | 500 கிலோ |
| ரூ. 400 | 1,000 கிலோ | 1,000 கிலோ | 1,000 கிலோ |
| ரூ. 600 | 1,020 கிலோ | 1,200 கிலோ | 1,700 கிலோ |
| ரூ. 800 | 1,030 கிலோ | 1,300 கிலோ | 2,200 கிலோ |

எண்கள் நான் போட்டவை. அவற்றின் போக்கு மட்டும் தோட்டத்தில் நடப்பதை ஒட்டியது.

நெகிழ்ச்சி காண அளவு எத்தனை சதவீதம் மாறியது என்பதை, விலை எத்தனை சதவீதம் மாறியது என்பதால் வகுக்க வேண்டும். இதற்கு இரண்டு வழி உண்டு. முதல் வழியில், தொடங்கிய இடத்தை அடிப்படையாக வைத்துச் சதவீதம் போடுகிறோம். 400-லிருந்து 600 என்றால் விலை 50 சதவீதம் ஏற்றம். மூன்றாண்டு அட்டவணையில் அளவு 70 சதவீதம் ஏற்றம். விடை 1.4. இதையே 600-லிருந்து 400-க்கு இறங்கிப் பாருங்கள். விலை 33.3 சதவீதம் இறக்கம், அளவு 41.2 சதவீதம் இறக்கம், விடை 1.24. ஒரே பாதைதான், ஏறும்போது ஒரு விடை, இறங்கும்போது ஒரு விடை.

இரண்டாவது நடுப்புள்ளி முறை. இரண்டு விலைகளின் சராசரியையும் இரண்டு அளவுகளின் சராசரியையும் அடிப்படையாக வைப்பது:

```
E = ((Q2 - Q1) / ((Q1 + Q2) / 2)) / ((P2 - P1) / ((P1 + P2) / 2))
```

இதில் விலை மாற்றம் 200-ஐ 500-ஆல் வகுக்க 40 சதவீதம். அளவு மாற்றம் 700-ஐ 1,350-ஆல் வகுக்க சுமார் 51.9 சதவீதம். விடை 1.30, ஏறினாலும் இறங்கினாலும் அதேதான். அட்டவணையிலிருந்து கணக்கிடுவதென்றால் எனக்கு இதுதான் சரி. முதல் முறை விலை ஒன்றிரண்டு சதவீதம் நகரும்போது பரவாயில்லை. பூ விலை அப்படியா நகர்கிறது?

சரி, 400-லிருந்து 600-க்கு ஏறும் அதே படியை அட்டவணையின் மூன்று நெடுவரிசையிலும் நடுப்புள்ளி முறையில் போட்டால், அதே நாளில் 0.05, பருவத்துக்குள் 0.45, மூன்று ஆண்டில் 1.30. முதல் இரண்டும் ஒன்றுக்குக் கீழே, அதாவது நெகிழ்ச்சி குறைந்த அளிப்பு. மூன்றாவது ஒன்றுக்கு மேலே. பூவும் அதே, விலையேற்றமும் அதே. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஒரு நாள் கணக்கை முதலில் பார்ப்போம். மல்லிகையை விடியும் முன்பே, மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். பறித்ததை அன்றே விற்றாக வேண்டும், சாயங்காலம் மலர்ந்துவிடும். காலையில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விலை எகிறியிருக்கிறது என்று போன் வரும்போது தோட்டத்தில் பறிப்பு ஏறக்குறைய முடிந்திருக்கும். விட்டுப்போன மொட்டுகளை இன்னொரு சுற்று வந்து பறிக்கலாம், வீட்டுக்கென்று எடுத்துவைத்ததையும் மூட்டையில் சேர்க்கலாம். அந்த 20 கிலோ அப்படி வந்ததுதான். நாளைய மொட்டை இன்றைக்கு இழுத்துவர எந்த விலையாலும் ஆகாது. முகூர்த்த நாளில் விலை தாறுமாறாக ஏறுவதற்கும் இதுதான் காரணம். அளவு அசைய முடியாத இடத்தில், கேட்பவர் கூடினால் விலைதான் அசையும்.

ஆனால் அதே நெடுவரிசையில் விலை இறங்கும் பக்கத்தைக் கவனியுங்கள். 400-லிருந்து 200-க்கு இறங்கினால் 100 கிலோ குறைகிறது. நெகிழ்ச்சி 0.16, மேல்நோக்கி இருந்ததைப்போல மூன்று மடங்கு. பறிப்புக்கூலிக்கும் வண்டி வாடகைக்குமே விலை பத்தாது என்றால், மொட்டைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள். இல்லாத பூவை உண்டாக்க முடியாது, இருக்கிற பூவை விட்டுவிட முடியும். ஒரு நாளுக்குள் விவசாயிக்கு இருக்கும் சுதந்திரம் அவ்வளவுதான்.

பருவக் கணக்கில் செடிகளின் எண்ணிக்கை மாறாது. மற்றது பலவும் மாறும். விலை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால் தண்ணீர் தவறாமல் பாய்ச்சுவார்கள், உரம் கூடுதலாக வைப்பார்கள், மொட்டுப்புழுவுக்கு மருந்தைத் தள்ளிப்போடாமல் அடிப்பார்கள், பறிக்க இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே இருக்கும் செடியிலிருந்து கூடுதலாகக் கறக்கும் வேலை இது. அதற்கு ஓர் எல்லை உண்டு. 600-லிருந்து 800-க்கு ஏறும்போது அளவு 1,200-லிருந்து 1,300-க்குத்தான் போகிறது, நெகிழ்ச்சி 0.45-லிருந்து 0.28-க்கு விழுகிறது. காரணம் பெரும்பாலும் ஆள். விடிகாலையில் பறிக்க வரும் பெண்கள் எல்லாத் தோட்டத்துக்கும் அதே பேர்தான். பக்கத்துத் தோட்டக்காரர் கூலி ஏற்றினால் நாமும் ஏற்ற வேண்டும், விலையேற்றத்தில் பாதி அங்கேயே போய்விடும். ஓர் அட்டவணைக்கு ஒரே ஒரு நெகிழ்ச்சி எண் என்று நினைப்பதும் இங்கே அடிபடுகிறது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைச் சேர்த்துத்தான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

மூன்றாண்டுக் கணக்கில்தான் செடிகளின் எண்ணிக்கையே மாறுகிறது. ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் பக்கமிருந்து மல்லிகை நாற்று வாங்கிவந்து புதிதாக நடலாம். ஏக்கருக்கு சுமார் 2,500 செடி பிடிக்கும். நட்ட ஆறாம் மாதவாக்கில் பூ தலைகாட்டும், கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி விளைய இரண்டாம் ஆண்டாகும். இதற்குள் கிணற்றை ஆழப்படுத்தலாம், சொட்டுநீர் போடலாம். வழக்கமாக நவம்பர் கடைசியில் செய்யும் கவாத்தை ஒரு பகுதிச் செடிக்கு முன்கூட்டியே செய்து, பூ இல்லாத மாதங்களில் கொஞ்சம் பூ எடுக்கப் பழகலாம். இதுவரை மல்லிகையே போடாதவர்களும் உள்ளே வருவார்கள். ஒரு நாளில் பூட்டியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறப்பதால்தான் நெகிழ்ச்சி 0.05-லிருந்து 1.30-க்குப் போகிறது.

பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மீனை வைத்து இதையே சொன்னார். கரைக்கு வந்துவிட்ட மீன், இருக்கிற படகால் பிடிக்கக்கூடிய மீன், புதுப் படகு கட்டிப் பிடிக்கும் மீன் என்று மூன்று காலம். காலண்டரைப் பார்த்து அவர் பிரிக்கவில்லை, எதை மாற்ற முடிகிறது என்பதை வைத்துப் பிரித்தார். அதனால் மல்லிகைக்குப் போட்ட "மூன்று ஆண்டு" எல்லாப் பயிருக்கும் ஆகாது. செண்டுப்பூ நட்ட இரண்டு மாதத்தில் பூத்துவிடும், அதற்கு நீண்டகாலம் என்பதே ஒரு பருவம்தான். நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு, மூன்று ஆண்டு அதற்குக் குறுகியகாலம்.

இந்த மூன்று எண்ணில் எது "சரியான" நெகிழ்ச்சி என்று அவள் கேட்டாள். கேள்விக்குத் தகுந்த எண்தான் சரி. அடுத்த முகூர்த்தத்துக்கு விலை எங்கே போகும் என்று கணிக்கும் கமிஷன் கடைக்காரருக்கு 0.05 வேண்டும். வாசனைத் திரவிய ஆலை ஒன்று வந்து தினமும் பூ கேட்கப்போகிறது, வட்டாரம் ஈடுகொடுக்குமா என்றால் 1.30-ஐப் பார்க்க வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால், ஆலைக்குப் பூவே கிடைக்காது என்று முதல் எண்ணும், முகூர்த்தத்தில் விலை ஏறவே ஏறாது என்று கடைசி எண்ணும் சொல்லும்.

அட்டவணையின் கடைசி நெடுவரிசையில் உள்ளது தானாக நடந்துவிடாது என்பதையும் சொன்னேன். 600 ரூபாய் விலை நிலைக்கும் என்று நம்பினால்தான் ஆள் நாற்று வாங்கப் போவார். தை மாதத்தில் பத்து நாள் 2,000 ரூபாய் போனதைப் பார்த்து விவரமான விவசாயி ஒரு ஏக்கர் நடமாட்டார். அது பனியால் வந்த விலை, செடி பூக்கத் தொடங்கியதும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"அப்போ விலை 200-க்கு விழுந்தா மூணு வருஷத்துல 500 கிலோவா குறைஞ்சிடுமா மாமா?"

அட்டவணையில் நான் பலவீனமாகப் போட்ட கட்டத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாள். அவ்வளவு குறையாது. மல்லிகைச் செடி ஒருமுறை வேர்பிடித்தால் பத்துப் பதினைந்து ஆண்டு பூக்கும், நட்ட செலவு ஏற்கெனவே போன செலவு. பறிப்புக்கூலியும் பராமரிப்பும் கழிந்து ஏதாவது கையில் நிற்கும்வரை யாரும் செடியைப் பிடுங்க மாட்டார்கள். 500 என்ற எண்ணை அடித்துவிட்டு 750 என்று எழுதச் சொன்னேன். 200-க்கும் 400-க்கும் இடையில் 1 ஆக இருந்த நெகிழ்ச்சி, அதில் 0.43 ஆனது.