கோயிலுக்குச் சோலர்: மூன்று வருடம் ஓடிய பிறகு அந்த முன்மொழிவை மறுபடி வாசித்தால்

யாழ்ப்பாணத்தில் ஒரு நடுத்தரக் கோயிலின் அறங்காவலர் சபை அடியார்களுக்கு அனுப்பிய முன்மொழிவு இரண்டே பக்கம். 550 வாட் சோலர்ப் படலம் பத்து, 5 கிலோவாட் இன்வேட்டர், ஒரு பற்றரி. படலம் ஒன்றுக்கு ஓர் உபயம். "விளக்கு, மின்விசிறி, மடைப்பள்ளி யாவும் சூரிய ஒளியில் இயங்கும்" என்று ஒரு வரி. உபயகாரர் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் விரைவாகவே சேர்ந்தார்கள். மூன்று வருடத்தில் படலங்கள் பெரிதாகத் தொல்லை தரவில்லை. தொல்லை முழுவதும் அந்த ஒற்றை வரியில்தான் இருந்தது.

காரணம் நேரம். படலம் நன்றாக உழைப்பது காலை பத்து முதல் பிற்பகல் இரண்டு வரை. கோயிலோ விடிய ஐந்து மணிக்கு விளக்குப் போட்டு, மத்தியானப் பூசை முடியக் கதவு சாத்தி, மாலை ஐந்துக்குத் திறக்கிறது. வெயில் கொட்டும்போது கோயிலில் ஆளில்லை. ஆள் நிறையும்போது வெயில் இல்லை. அதனால் பகலில் பிறக்கும் மின்சாரத்தை ஊர் மின்கம்பிக்குக் கொடுத்துக் கணக்கில் வரவு வைக்கவேண்டும், அல்லது பற்றரியில் தேக்கவேண்டும். முன்மொழிவு இந்த இரண்டையும் குழப்பியிருந்தது.

பற்றரிக் கணக்கைப் பார்ப்போம். ஒன்பது வாட் எல்.ஈ.டி. முப்பது, வெளிவீதியில் ஐம்பது வாட் விளக்கு நான்கு, மொத்தம் 470 வாட். மாலை மூன்று மணித்தியாலமும் காலை இரண்டுமாக ஐந்து மணித்தியாலத்துக்கு 2.35 அலகு. மண்டபத்துக் கூரை விசிறி பன்னிரண்டு, ஒவ்வொன்றும் 75 வாட், மாலையில் இரண்டு மணித்தியாலம் ஓடினால் 1.8 அலகு. ஆகமொத்தம் நாலேகால் அலகுக்குச் சற்றுக் குறைவு. வாங்கிய லித்தியம் பற்றரி 51.2 வோல்ட், 100 அம்பியர் மணி, அதாவது 5.12 அலகு. ஆயுளைக் காக்க எண்பது வீதத்துக்கு மேல் இறக்காமல் விட்டால் கைக்குக் கிடைப்பது 4.1 தான். மாற்றும்போது ஒரு பத்து வீதம் போகும். போதாததற்கு, இன்வேட்டர் சும்மா நின்றாலே ஐம்பது வாட் அளவில் குடிக்கும். மாலை ஐந்திலிருந்து காலை ஏழு வரை அதுவே 0.7 அலகு. எனவே கறண்ட் இல்லாத இரவில் விடியப் பூசைக்கு முன்னரே பற்றரி கீழே வந்துவிடும்.

இரண்டாவது பற்றரி வாங்குவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். மலிவான வழி வேறு. பழைய விசிறிகளைக் கழற்றி 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டியதும் விசிறிச் செலவு 1.8 அலகிலிருந்து 0.72 ஆனது. விளக்கோடு சேர்த்து 3.07. இழப்பையும் இன்வேட்டர் குடிப்பதையும் கூட்டினால் ஏறத்தாழ 4.1, இருக்கிற பற்றரிக்கு மட்டுமட்டாகச் சரி. முன்மொழிவில் படலத்துக்கு முன்னால் விசிறி வந்திருக்கவேண்டும். விசிறிக்கு உபயம் கேட்பது அவ்வளவு எடுப்பாக இராது என்பது உண்மைதான்.

பற்றரியே வேண்டாம், கம்பியோடு மட்டும் இணைத்தால் போதும் என்று நினைக்கும் சபைகளும் உண்டு. அவை 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமையை நினைக்கவேண்டும். முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. வெயில் எறித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கம்பியோடு மட்டும் இணைந்த இன்வேட்டர், கம்பியில் மின்சாரம் இல்லையென்றால் தானும் நின்றுவிடும். திருத்த வேலை செய்பவருக்கு மறுபக்கத்திலிருந்து மின்சாரம் பாயக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது, பழுதல்ல. கறண்ட் போனாலும் ஓடவேண்டுமானால் பற்றரியோடு வேலை செய்யும் இன்வேட்டரும், அவசியமான விளக்கு விசிறிகளைத் தனியாகப் பிரித்த பலகையும் வேண்டும். அந்தப் பலகைக்கு வயர் பிரிப்பதுதான் பழைய கோயில்களில் பெரிய வேலை. மண்டப விளக்கும் கிணற்று மோட்டரும் ஒரே சுற்றில் ஓடுவது வழக்கம்.

மோட்டர் என்றதும் மடைப்பள்ளிக்கு வருவோம். ஒரு குதிரைவலு நீர்மோட்டர் ஓடும்போது ஒரு கிலோவாட் அளவில்தான் இழுக்கும். தொடங்கும் கணத்தில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். கிரைண்டரும் அப்படியே. இரண்டும் ஒன்றாகத் தொடங்கினால் இன்வேட்டர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், மூலஸ்தான விளக்கும் சேர்ந்து அணையும். ஆகவே மோட்டரைப் பற்றரிப் பலகையில் சேர்க்காமல், பதினொரு மணிக்கு ஓடும்படி நேரச்சுவிட்ச் வைத்துக் கூரைத்தொட்டியை நிரப்புவது நல்லது. வெயிலைச் சேமிக்கத் தண்ணீர்த் தொட்டியை விட மலிவான இடம் கிடையாது.

அடுப்பு வேறு கதை. அன்னதானத்துக்கு 25 கிலோ அரிசி, அதற்கு ஐம்பத்தைந்து லீற்றர் தண்ணீர். இரண்டையும் சேர்த்துக் கொதிக்க வைக்கவே ஐந்து அலகுக்கு மேல் வேண்டும், இழப்போடு ஏழு அலகு. ஒன்றரை மணித்தியாலத்தில் வேகவேண்டுமானால் இன்வேட்டரின் முழுப் பலமும் சோற்றுக்கே போய்விடும், கறிக்கு எதுவும் மிஞ்சாது. வெயில் நாளில் இந்தத் தொகுதி இருபது அலகு தரும். மாரியில், ஐப்பசி கார்த்திகையில், அடைமழை நாளில் அதன் பாதிகூட வராது. விறகும் காஸும் அடுப்பில் இருக்கட்டும். கிரைண்டர், குளிர்சாதனப்பெட்டி, புகை இழுக்கும் விசிறி, விளக்கு இவை மட்டும் சோலரில். "மடைப்பள்ளி" என்று பொதுவாக எழுதாமல் இப்படிப் பிரித்து எழுதியிருந்தால், "ஏன் இன்னும் காஸ் வாங்குகிறீர்கள்?" என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்திராது.

படலம் எங்கே ஏறுவது என்பதிலும் ஒரு சொல். கிழக்கு வாசல் கோயிலில் இராசகோபுரத்தின் நிழல் காலையில் மேற்கே, மண்டபக் கூரை மேல் விழும். சூரியன் 45 பாகை ஏறும்போதுதான் நிழல் கோபுர உயரத்துக்குச் சுருங்கும். அதற்குக் காலை ஒன்பது தாண்டும். தொடராக இணைத்த படலங்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் தளரும். மேலும் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகத் திருப்பணிக்குக் கூரையில் சாரம் கட்டவேண்டும். அன்னதான மடத்துக் கூரையே பொருத்தம். தெற்குப் பார்த்து பத்துப் பாகைச் சரிவு, மடைப்பள்ளிப் புகைக்கூண்டிலிருந்து எட்ட. நெய்க்கரி படிந்த கண்ணாடியை மழை கழுவாது. கடற்கரைக் கோயிலானால் ஆணிகள் துருவேறா உருக்காக இருக்கவேண்டும்.

உபயகாரர் பெயரைப் படலத்தின் கண்ணாடியில் ஒட்டும் ஆசையும் எழும். ஒட்டிய இடத்தில் சூரியக் கலம் நிழலாகி, சூடேறி, காலப்போக்கில் பழுதாகலாம். பெயர் மண்டபத்துக் கல்லில் இருக்கட்டும்.

முன்மொழிவில் சேமிப்பைக் கணக்கிட்டது வீட்டுக் கட்டணத்தில். மதத்தலங்களுக்கென்று தனி மின்கட்டண வகை இருக்கிறது. கோயிலின் கடந்த ஒரு வருட மின்பட்டியல் பன்னிரண்டையும் அடுக்கிப் பார்த்துத்தான் வருடச் சேமிப்பு எழுதவேண்டும். அந்தச் சேமிப்பில் மாதாமாதம் ஒரு பங்கு தனிக்கணக்கில் போகவேண்டும் என்ற தீர்மானமும் அதே தாளில் வேண்டும். பத்து வருடமளவில் பற்றரியும் இன்வேட்டரும் மாற்ற வரும்போது அவற்றுக்கு உபயகாரர் கிடைப்பது கடினம்.

கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை வீதி அலங்கார விளக்குக்கு இந்தத் தொகுதி ஈடுகொடாது. அந்த நாள்களுக்கு ஜெனரேட்டர் வாடகை வரவுசெலவில் அப்படியே இருக்கட்டும். அதன் வயரைச் சோலர்ப் பலகையோடு தொடுக்க விடாமல், மாற்றுச்சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுத் திறப்பை ஒருவரிடம் கொடுத்துவைக்க வேண்டும்.