12 பேர் வேலைக்கு 16 நாற்காலி: ஷிஃப்ட் ஆள் கணக்கில் நான்கு வழிகள்

திங்கட்கிழமை காலை 10 மணி முதல் 10.30 வரை. வாடிக்கையாளர் உதவி எண் ஒன்றுக்கு அந்த அரை மணி நேரத்தில் 90 அழைப்புகள் வருகின்றன. ஓர் அழைப்பை முடிக்கச் சராசரியாக 4 நிமிடம் ஆகிறது. பேசுவதற்கு 3 நிமிடம் 10 விநாடி, பேசி முடித்தபின் விவரத்தைக் கணினியில் ஏற்ற 50 விநாடி. நிர்வாகம் கேட்பது, கால் சென்டர்களில் பழகிப்போன இலக்குதான்: 80 விழுக்காடு அழைப்புகளை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும். அப்படியானால் அந்த அரை மணி நேரத்தில் எத்தனை பேர் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான்கு வழிகளில் விடை தேடுவதைப் பார்த்திருக்கிறேன். நான்கையும் நானே வெவ்வேறு காலங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். ஒரே எண்களை நான்கிலும் போட்டுப் பார்த்தால்தான் எது எங்கே ஏமாற்றுகிறது என்பது புரியும்.

முதல் வழி: வகுத்தல்

90 அழைப்பு, தலைக்கு 4 நிமிடம், மொத்தம் 360 நிமிட வேலை. ஒருவரிடம் இருப்பது 30 நிமிடம். வகுத்தால் 12. இந்த 12-க்கு எங்கள் தொழிலில் '12 எர்லாங்' என்று பெயர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டென்மார்க்குக் கணிதவியலாளர் எர்லாங்கின் பெயரால் வந்த அலகு இது.

இந்தக் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இது சொல்வது வேலையின் அளவை மட்டுமே. அழைப்புகள் 20 விநாடிக்கு ஒன்றாகச் சீராக வந்து, ஒவ்வொன்றும் சரியாக 4 நிமிடத்தில் முடிந்தால் 12 பேர் போதும். நிஜத்தில் ஒரே நிமிடத்தில் 7 அழைப்பு வரும், அடுத்த நிமிடம் ஒன்றே வரும். கூட்டம் குறைந்த நிமிடத்தில் சும்மா இருந்த நேரத்தைச் சேமித்து வைத்துக் கூட்டம் கூடும் நிமிடத்தில் செலவழிக்க முடியாது.

பலரும் இதை உணர்ந்து, மேலே 10 விழுக்காடு சேர்த்துக்கொள்வார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் செய்தேன். 13 பேரை உட்கார வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். 10.10-க்கெல்லாம் சுவரில் மாட்டியிருந்த திரையில் காத்திருப்போர் எண்ணிக்கை சிவப்பாக மாறியது. 11 மணி ஆகியும் பச்சைக்குத் திரும்பவில்லை. அன்று வந்ததும் 90-ஐ ஒட்டிய அழைப்புகள்தான். யாரும் மெதுவாக வேலை செய்யவும் இல்லை. குழுத் தலைவர்கள் ஒவ்வொரு நாற்காலியின் பின்னாலும் நின்று 'சீக்கிரம் முடியுங்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தவறு என்னுடைய தாளில் இருந்தது.

இரண்டாம் வழி: எர்லாங் சி

எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரம் இது. அழைப்புகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தற்செயலாக வருகின்றன, லைன் கிடைக்காதவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு, N பேர் இருந்தால் எவ்வளவு காத்திருப்பு என்று சொல்கிறது. இதற்கென்று மென்பொருள் வாங்கத் தேவையில்லை. சில வரிகள் போதும்:

```python
from math import exp

def erlang_c(A, N):
    B = 1.0
    for n in range(1, N + 1):
        B = A * B / (n + A * B)
    return N * B / (N - A * (1 - B))

A = 90 * 240 / 1800
for N in range(13, 17):
    C = erlang_c(A, N)
    print(N, C * 240 / (N - A), 1 - C * exp(-(N - A) * 20 / 240), A / N)
```

வரும் விடை இது:

| ஆட்கள் | சராசரிக் காத்திருப்பு | 20 விநாடிக்குள் எடுப்பது | வேலையில் இருக்கும் நேரம் |
|---|---|---|---|
| 13 | 169 விநாடி | 35% | 92% |
| 14 | 58 விநாடி | 59% | 86% |
| 15 | 26 விநாடி | 75% | 80% |
| 16 | 12 விநாடி | 85% | 75% |

13-லிருந்து 14-க்குப் போகும்போது காத்திருப்பு மூன்றில் ஒரு பங்காகச் சரிகிறது. 15-லிருந்து 16-க்குப் போகும்போது மிச்சமாவது 14 விநாடிதான். ஆளுக்கு ஆள் பலன் ஒன்றல்ல. வகுத்தல் கணக்கால் காட்டவே முடியாத உண்மை இது. அந்தத் திங்கட்கிழமைச் சிவப்புக்கான காரணமும் இதுதான். 20 விநாடி இலக்கை எட்ட 16 பேர் வேண்டும்.

அட்டவணையின் கடைசிப் பத்தியைக் கவனியுங்கள். 16 பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மணிக்கு 15 நிமிடம் அழைப்பின்றி இருப்பார்கள். 'கால் பங்கு நேரம் சும்மாதானே இருக்கிறார்கள், நால்வரைக் குறைக்கலாமே' என்று மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அந்தக் கால் பங்கு நேரம்தான் அடுத்த அழைப்பை உடனே எடுக்க வைக்கிறது. அந்த நால்வரைக் குறைத்தால் மிஞ்சுவது 12 பேர். அப்போது சூத்திரத்தின்படி வரிசை முடிவின்றி வளரும்.

இதன் குறை என்ன? யாரும் பொறுமை இழந்து போனை வைப்பதில்லை என்று இது நம்புகிறது. அதனால் ஆள் பற்றாக்குறை கடுமையாக இருக்கும் இடத்தில் நிஜத்தைவிட மோசமான படத்தைக் காட்டும். தவிர, வெகுநேரம் ஒரே சீராக அழைப்பு வந்துகொண்டிருக்கும் நிலையைத்தான் கணக்கிடுகிறது. முந்தைய அரை மணியில் தேங்கிய வரிசை அடுத்ததில் வந்து விழுவது இதன் கண்ணில் படாது.

மூன்றாம் வழி: வர்க்கமூலக் குறுக்குவழி

கையில் கணினி இல்லாத கூட்டத்தில் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். எர்லாங் எண்ணோடு அதன் வர்க்கமூலத்தைக் கூட்ட வேண்டும். 12-இன் வர்க்கமூலம் சுமார் 3.5, கூட்டினால் 15.5, ஆகவே 16. சூத்திரம் தந்த அதே விடை. இந்த எடுத்துக்காட்டில் இவ்வளவு பொருந்துகிறது என்பதால் எங்கும் இப்படியே வரும் என்று நினைக்க வேண்டாம். 20 விநாடியா 60 விநாடியா என்பதே இந்த வழிக்குத் தெரியாது. இலக்கு தளர்ந்தால் வர்க்கமூலத்தில் பாதியைக் கூட்டினால் போதும். இறுகினால் ஒன்றரை மடங்கு வேண்டும்.

ஆனால் குழுவின் அளவைப் பற்றி இது ஒரே வரியில் சொல்லிவிடுவதை வேறெதுவும் சொல்வதில்லை. வேலை நான்கு மடங்காகி 48 எர்லாங் ஆனால், மேலதிகமாக வேண்டியது 7 பேர், மொத்தம் 55. நான்கு தனிக் குழுக்களாக வைத்தால் 64. மாறாக, எங்கள் 12 எர்லாங்கைத் தமிழுக்கு 6, இந்திக்கு 6 என்று இரண்டு வரிசையாகப் பிரித்தால் எர்லாங் சி ஒவ்வொன்றுக்கும் 9 பேர் கேட்கிறது, ஆக 18. இரு மொழியும் பேசுபவர்களை ஒரே வரிசையில் வைத்தால் 16 போதும். வரிசையைப் பிரிக்கச் சொல்லும் ஒவ்வொரு யோசனைக்கும் இப்படி ஆள் கணக்கில் ஒரு விலை இருக்கிறது.

நான்காம் வழி: எர்லாங் ஏ

ஸ்வீடன் நாட்டுக் கோனி பால்ம் 1940-களில் சேர்த்தது, காத்திருப்பவரின் பொறுமை. நம் வாடிக்கையாளர்கள் சராசரியாக 3 நிமிடம் பொறுப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். 14 பேர் இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு 58 விநாடி என்றது எர்லாங் சி. இந்தக் கணக்கில் அது 10 விநாடி மட்டுமே. ஆனால் 90-இல் 5 பேர் போனை வைத்துவிடுகிறார்கள். 12 பேர் மட்டும் இருந்தால் வரிசை முடிவின்றி வளர்வதில்லை. 11 பேர் கைவிட்டுப் போகிறார்கள், மிச்சப் பேருக்கு வேலை நடக்கிறது.

நிஜத்துக்கு மிக அருகில் இருப்பது இதுதான். ஆனாலும் ஆளைக் குறைக்க நினைப்பவர் கையில் இதைக் கொடுக்க எனக்குத் தயக்கம் உண்டு. காத்திருப்பு நேரத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் 14 பேர் தாராளம் என்று தோன்றும். அந்தப் 10 விநாடி அழகாக இருப்பதே, ஐந்து பேர் பொறுமை இழந்து வரிசையை விட்டுப் போனதால்தான். அவர்களில் பலர் 10.40-க்கு மீண்டும் அழைப்பார்கள். அடுத்த அரை மணியின் 90 அப்போது 90-ஆக இருக்காது. எர்லாங் ஏ-வின் விடையைச் சொல்லும்போது கைவிடுவோர் எண்ணிக்கையையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

என் தேர்வு

அன்றாட ரோஸ்டருக்கு எர்லாங் சி, அரை மணிக்கு அரை மணி. சரிபார்க்க வர்க்கமூலம். விடுமுறையாலோ ராஜினாமாவாலோ ஆள் கிடைக்கவே கிடைக்காத நாளில், எவ்வளவு பேரை இழப்போம் என்று முன்கூட்டியே சொல்ல எர்லாங் ஏ. வகுத்தல், எர்லாங் எண்ணைக் கண்டுபிடிக்க மட்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு இடங்களில் கணக்கு கவிழ்கிறது. ஒன்று, பதிவு செய்யும் 50 விநாடியை விட்டுவிடுவது. தொலைபேசி அறிக்கையில் பேசிய நேரம் மட்டும் இருந்தால் 190 விநாடி என்று எடுத்துக்கொண்டு, 12 எர்லாங்கை 9.5 ஆக்கிவிடுவார்கள். அதன்பின் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது.

மற்றொன்று, 16 நாற்காலிக்கு எத்தனை பெயர் எழுதுவது என்பது. இடைவேளை, பயிற்சி, விடுப்பு எல்லாம் சேர்ந்து நேரத்தில் 30 விழுக்காடு போகிறது என்றால், 16-ஐ 1.3-ஆல் பெருக்கி 21 என்று எழுதுபவர்கள் பலர். அந்த 21 பேரில் 70 விழுக்காடு 14.7, நாற்காலியில் 15 பேர்கூடத் தேறாது. 16-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும், 23 வரும்.

கடைசியாக ஒரு சோதனை. பல வாரங்களின் திங்கட்கிழமை 10 மணி எண்களை எடுத்துத் திட்ட விலக்கம் பாருங்கள். அழைப்புகள் உண்மையிலேயே தற்செயலாக வந்தால், அது 90-இன் வர்க்கமூலத்தை ஒட்டி 9 அல்லது 10 இருக்கும். 25 இருந்தால் வேறு ஏதோ நடக்கிறது: சில வாரங்களில் பில் குறுஞ்செய்தி அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒன்றாகப் போயிருக்கலாம். அப்போது 90 என்ற சராசரியையே நம்ப முடியாது. 110 அழைப்பு வந்தால் அதே 16 பேரும் 92 விழுக்காடு நேரம் வேலையில் இருப்பார்கள். 13 பேர் வைத்துத் தவித்த நிலைக்கே திரும்பிவிடுவோம். அப்படிப்பட்ட மையத்தில் முதலில் குறுஞ்செய்தியை நாள் முழுவதும் பரப்பி அனுப்பச் சொல்லிக் கேட்பேன். அது நடக்கும்வரை, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் குழுவில் இருவருக்கு அழைப்பெடுக்கவும் பயிற்சி கொடுத்து, முதல் பத்து நிமிடத்தில் 35-ஐத் தாண்டினால் அவர்கள் லாக்-இன் செய்ய வேண்டும் என்று ரோஸ்டரிலேயே எழுதி வைப்பேன்.