ஐபிஓவில் வாங்கியது ஒரு கணக்கு, சந்தையில் வாங்கியது வேறு கணக்கு

ஏற்காட்டில் தங்கும் விடுதி கட்டப்போவதாகச் சொன்ன ஒரு கம்பெனி முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்ற ஐபிஓவில், பங்கு 100 ரூபாய் விலையில் 1,200 பங்குகள் வாங்கினேன். என்னை இழுத்தது, பங்கு விற்பனைக்காகக் கம்பெனி வெளியிட்ட விவர அறிக்கையான ப்ராஸ்பெக்டஸில் இருந்த ஒரு வரி: ‘கட்டட அனுமதிகள் அனைத்தும் பெறப்பட்டுள்ளன.’ மலைமேல் அனுமதி வாங்குவது என்ன பாடு என்று சேலத்துக்காரனுக்குத் தெரியும். அதுவே கையில் இருக்கிறதென்றால் வேறென்ன வேண்டும் என்று நினைத்துவிட்டேன். பட்டியலான மறுமாதம் விலை 130 ஆனது. ஆசை விடுமா? சந்தையில் இன்னொரு 1,200 வாங்கினேன்.

எட்டு மாதம் கழித்து ஏற்காடு போனபோது அந்த இடத்தை எட்டிப் பார்த்தேன். கம்பி வேலியும் புதரும்தான். “அனுமதி எங்கங்க வந்துச்சு?” என்றார் காவலாளி. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். ப்ராஸ்பெக்டஸ் வந்த தேதியில் விண்ணப்பம் பரிசீலனையில்தான் இருந்தது என்று பதில் வந்தது. பங்கு இப்போது 38 ரூபாய்.

அஸ்தம்பட்டியில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். காகிதங்களை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 35 நஷ்டஈடு தருவது, ப்ராஸ்பெக்டஸை நம்பிப் பங்குக்கு விண்ணப்பித்து நஷ்டப்பட்டவருக்கு. ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நாம் நிரூபிக்கவும் வேண்டியதில்லை. ஆனால் சந்தையில் வாங்கிய 1,56,000 ரூபாய்ப் பங்குகள் அதில் வராது என்றார். பங்கு ஒதுக்கியதோடு ப்ராஸ்பெக்டஸின் வேலை முடிந்துவிடுகிறது என்று 1873-லேயே லண்டனில் பிரபுக்கள் சபை ‘பீக் எதிர் கர்னி’ வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறதாம். அந்த வாதம் இன்றும் எடுபடுகிறது. அதிகம் போட்ட பணம்தான் வெளியே நிற்கிறது என்றதும் வயிறு எரிந்தது.

யார்மீது கேட்கலாம் என்பது அடுத்தது. கம்பெனி, ப்ரமோட்டர், ப்ராஸ்பெக்டஸ் வெளியான நாளில் இருந்த இயக்குநர்கள் எல்லோரும் பொறுப்பு. ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரும் அதில் இருந்தார். போனில் கேட்டபோது, “பேருக்குத்தான் தம்பி போட்டாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். அந்தப் பதில் போதாது. ப்ராஸ்பெக்டஸ் வெளியாகும் முன்பே, இயக்குநராக இருக்கத் தந்த சம்மதத்தை அவர் வாபஸ் வாங்கியிருக்க வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் அது வெளிவந்திருக்கவும் வேண்டும். அல்லது தெரியாமல் வெளியானது என்றால், தெரிந்தவுடன் பொது அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். இவர் இரண்டையும் செய்யவில்லை.

நோட்டீஸுக்குக் கம்பெனி பதில் போட்டது: ‘அனுமதிகள் தாமதமாகலாம் என்று ரிஸ்க் பகுதியில் சொல்லியிருக்கிறோம்.’ ஒரு பக்கத்தில் பெற்றாயிற்று, இன்னொரு பக்கத்தில் தாமதமாகலாம்! நல்லவேளை, விண்ணப்பித்த அன்றே அந்த ப்ராஸ்பெக்டஸை இறக்கி வைத்திருந்தேன். அதையும் ஒதுக்கீட்டுச் செய்தியையும் சேர்த்து, 1,200 பங்குகளுக்கு மட்டும் வக்கீல் வழக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.