1-0-1: ஷீட்டில் பிரிப்பதா, பேட்டர்னால் பிரிப்பதா?

புதுச்சேரி கிளினிக் சீட்டின் போட்டோவிலிருந்து எடுத்த, 1-0-1 என வேளைக்கு எத்தனை மாத்திரை என்று சொல்லும் அட்டவணையை எக்செல்லில் ஒட்டி, ஹைஃபனில் பிரிப்பது சுலபம். காலை, மதியம், இரவு என மூன்று பத்தி கிடைத்துவிடும். ஆனால் 1-0-1 அப்படியே நிற்க, 1-1-1 தேதியாகி 2001 ஜனவரி 1 ஆகிவிடும்; பூஜ்ய மாதம் கிடையாதே! ஒட்டும் முன்பே பத்தியை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள்.

இன்னொரு வழி, ஒட்டும் முன்பே ரெகெக்ஸ் பேட்டர்னால் பிரிப்பது:

```
^([012½])-([012½])-([012½])$
```

நான் இதையே தேர்வேன். ஹைஃபன் மங்கி 101 என்று வந்தாலும், 1 என்பது l ஆக வாசிக்கப்பட்டாலும், 1-1-1-1 என நான்கு வேளை இருந்தாலும் பொருந்தாது. அந்த வரியை ஊகித்து நிரப்பாமல் போட்டோவோடு ஒப்பிடுங்கள். 1-0-0, 0-0-1 ஆவது போல வடிவம் கெடாமல் எண் மட்டும் தவறாக வாசிக்கப்பட்டால் இதுவும் பிடிக்காது. அதற்குக் கண்தான் வேண்டும்.