கண்ணாடி பிரேமை முகப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பது: 6 வருட அனுபவம்

நான் கோத்தகிரியில் இருக்கிறேன். கண்ணாடிக்கு நிறைய மாடல் பார்க்க வேண்டும் என்றால் மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ இறங்க வேண்டும். அதனால் 6 வருடமாக, வாங்குவதற்கு முன்னால் பிரேமின் படத்தை என் முகப் படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்கிறேன். அகலம் சரியா என்று கேட்டால் இந்த முறை நம்பிக்கையாகப் பதில் சொல்லும். ஆனால் அந்தக் கண்ணாடி முகத்தில் எந்த உயரத்தில் உட்காரும் என்பதை அது சொல்லாது. அது தெரியாமல் நான் ஒரு பிரேமை வீணாக்கினேன்.

முதலில் அகலம். கையில் பிடித்து எடுக்கும் செல்ஃபி இதற்கு ஆகாது. கேமரா பக்கத்தில் இருந்தால் மூக்கு பெரிதாகவும் காதுப் பக்கம் ஒடுங்கியும் விழும், எந்தப் பிரேமும் அகலமாகவே தெரியும். 2 மீட்டர் தள்ளி, கண் உயரத்தில் போனை நிறுத்தி, ஜூம் செய்து எடுக்க வேண்டும். பழைய கண்ணாடியோடு ஒரு படம், உட்கார்ந்த இடம் மாறாமல் கண்ணாடி இல்லாமல் ஒரு படம்.

பழைய கண்ணாடியே அளவுகோல். என்னுடையது ஓரத்துக்கு ஓரம் ஸ்கேலில் 134 மில்லிமீட்டர். படத்தில் அது 670 பிக்சல் இருந்தது, அதாவது மில்லிமீட்டருக்கு 5 பிக்சல். சிலர் ஏடிஎம் கார்டை நெற்றியில் வைத்து அளப்பார்கள். அதுவும் சரிதான், ஆனால் பிரேம் இருக்கும் அதே தூரத்தில் பழைய பிரேம்தான் இருக்கிறது.

அடுத்தது புதுப் பிரேம். அதில் `52□20-145` என்று போட்டிருந்தார்கள். ஒரு லென்ஸின் அகலம் 52, இரண்டு லென்ஸுக்கும் நடுவில் உள்ள பிரிட்ஜ் 20, காதுக்குப் போகும் கை 145 மில்லிமீட்டர். மொத்த அகலம் போடவில்லை. நேராக முன்னாலிருந்து எடுத்த படம் இருந்தால் அதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்தப் படத்தில் ஒரு லென்ஸ் 416 பிக்சல், அது 52 மில்லிமீட்டர் என்றால் மில்லிமீட்டருக்கு 8 பிக்சல். முழுப் பிரேம் 1112 பிக்சல், ஆக 139 மில்லிமீட்டர். இரண்டு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். என் முகப் படத்தின் கணக்குக்கு அதை 695 பிக்சலாகச் சுருக்கி, ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் மேல் லேயராக வைத்து, லேயர் மோடில் `Multiply` கொடுத்தேன். வெள்ளைப் பின்னணி மறைந்து பிரேம் மட்டும் முகத்தில் நின்றது.

பார்க்க அருமையாக இருந்தது. மேல் விளிம்பு புருவத்தை ஒட்டிப் போனது, கண்மணி லென்ஸின் நடுவுக்குச் சற்று மேலே இருந்தது. வாங்கிவிட்டேன்.

வந்து போட்டால் 4 மில்லிமீட்டர் கீழே இறங்கி உட்கார்ந்தது. புருவத்துக்கும் பிரேமுக்கும் நடுவில் இடைவெளி, முகமே தொங்கினாற்போல் இருந்தது. லென்ஸின் உயரம் 44 மில்லிமீட்டர் என்பதால் சிரித்தால் கன்னம் இடித்துப் பிரேம் மேலே எழும்பும். கன்னத்தில் ஒட்டிக்கொண்டால் உள்ளே காற்றும் போகாது. டிசம்பர் காலையில் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனால் லென்ஸ் மூடிய பனி லேசில் விலகாது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். "மெட்டல்ல இருக்கற இருபதும் பிளாஸ்டிக்ல இருக்கற இருபதும் ஒண்ணு இல்லைங்க" என்றார். என் பழையதும் பிரிட்ஜ் 20தான், ஆனால் மெட்டல். அதன் நோஸ் பேட் இரண்டும் உள்பக்கம் நீண்டு மூக்கைப் பிடிக்கும், வேண்டிய அளவுக்கு வளைத்தும் கொள்ளலாம். பிளாஸ்டிக்கில் பிரேமே மூக்கில் உட்காருகிறது. என்னைப் போல மூக்குத்தண்டு தாழ்ந்தவர்களுக்கு 20 என்றால், மூக்கு அகலமாகும் இடம் வரை அது இறங்கித்தான் நிற்கும். படத்தில் நான் வைத்தது எனக்குப் பிடித்த உயரத்தில், மூக்கு அதை நிறுத்தும் உயரத்தில் இல்லை.

அதற்கப்புறம் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். நோஸ் பேட் இல்லாத பிரேம் என்றால் பிரிட்ஜ் 18க்கு மேல் பார்ப்பதில்லை. எதுவாக இருந்தாலும் பிடித்த இடத்தில் வைத்துப் பார்த்த பிறகு 20 பிக்சல், அதாவது 4 மில்லிமீட்டர், கீழே இறக்கி இன்னொரு முறை பார்க்கிறேன். சிரித்த முகத்தோடு எடுத்த படத்திலும் வைக்கிறேன். இறக்கிய பிறகும் மேல் விளிம்பு புருவத்தை விட்டு அதிகம் விலகாமல் இருந்து, கன்னத்துக்கு இடம் மிச்சம் இருந்தால்தான் ஆர்டர்.

என் பவர் மைனஸ் 5.5. லென்ஸ் வழியாகப் பார்த்தால் முகத்தின் ஓரம் உள்ளே தள்ளித் தெரியும், லென்ஸ் பெரிதானால் வெளி ஓரமும் தடிக்கும். கடைப் படத்தில் பவர் இல்லாததால் இது எதுவும் தெரியாது. அதனால் இரண்டு பிரேம் சமமாகப் பிடித்தால் சின்ன லென்ஸைத்தான் எடுப்பேன்.

இப்போது போட்டிருப்பது `50□18-140`, மெட்டல், லென்ஸ் உயரம் 36. இரண்டு வருடம் ஆகிறது. நோஸ் பேட் ஒரு முறை மஞ்சளாகி மாற்றினேன். படத்தில் வைத்த இடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே உட்கார்ந்திருக்கிறது.