மொட்டைமாடி கிறிஸ்துமஸ் விளக்கு: ஜீரோ வாட் பல்பா, ரோப் லைட்டா, 12 வோல்ட் பட்டையா?

நாகர்கோவிலில் இருக்கிற தங்கை வீட்டுக்கு இந்த முறை விளக்குப் போடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. டிசம்பர் 1 முதல் ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை 37 நாள், இரவுக்கு 5 மணி நேரம் எரிய வேண்டும். கடைக்குப் போனால் மூன்று விதமான சரக்கைக் காட்டுவார்கள், மூன்றையும் நல்லது என்பார்கள். அதனால் முதலில் நூல்கண்டோடு மாடி ஏறினேன்.

மாடி 30 அடி அகலம், 40 அடி ஆழம். பின்பக்க இடது மூலையில் 8 அடிக்கு 10 அடியில் மாடிப்படி அறை. பின் கைப்பிடிச்சுவரைத் தெருவில் நின்று யாரும் பார்க்கப் போவதில்லை, அதை விட்டுவிட்டேன். மாடிப்படி அறை முடியும் இடத்திலிருந்து இடது சுவர் 30 அடி, முன்சுவர் 30, வலது சுவர் 40, ஆக 100 அடி. மாடிப்படி அறையின் மேல் விளிம்பில் மூன்று பக்கம் மட்டும் 28 அடி. மொத்தம் 128 அடி, அதாவது 39 மீட்டர். மூலையில் வளைக்க, கட்டிவைக்க என்று பத்து சதவீதம் சேர்த்தால் 43 மீட்டர். எதை வாங்கினாலும் இந்தக் கணக்குதான் அடிப்படை. டேப்பை விட நூல் நல்லது. விளக்கு போகிற பாதையிலேயே வளைந்து நெளிந்து போகும்.

முதல் போட்டியாளர், நமக்கெல்லாம் பழக்கமான பல்ப் மாலை. ஒயரில் ஒன்றரை அடிக்கு ஒரு ஹோல்டர், அதில் கலர் கலராக ஜீரோ வாட் பல்ப். பேர்தான் ஜீரோ, ஒவ்வொன்றும் 15 வாட் வரை இழுக்கும். கைப்பிடிச்சுவருக்கு 67, மாடிப்படி அறைக்கு 19, ஆக 86 பல்ப். 86ஐ 15ஆல் பெருக்கினால் 1,290 வாட். அதை 230ஆல் வகுத்தால் 5.6 ஆம்பியர். ஸ்டாருக்குள் 60 வாட் குண்டு பல்பும் போட்டால் 5.9 தொட்டுவிடும். மாடிப்படி அறையில் இருப்பதோ 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்று. அதன் முழு எல்லையில் தினம் 5 மணி நேரம் ஓட்டினால் ப்ளக் முள் சூடாகும், சாக்கெட் ஓரம் மஞ்சளாகிக் கருகத் தொடங்கும். பிடுங்கியதும் முள்ளைத் தொட முடியாத சூடு இருந்தால் சுமை அதிகம், இல்லை பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 37 நாளில் கிட்டத்தட்ட 239 யூனிட் ஆகும், அது தனிக்கதை.

அதே மாலையில் அரை வாட் எல்இடி பல்பைப் போட்டுப் பாருங்கள். 86 பல்புக்கும் சேர்த்து 43 வாட், 37 நாளுக்கும் 8 யூனிட். ஹோல்டர் அதே, ஒயர் அதே, வெளிச்சம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். ஆகவே பல்ப் மாலை பழசு என்று ஒதுக்க வேண்டாம், பழசு பல்ப்தான். சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கு ஒன்று: 43 மீட்டர் பாதைக்கு இரண்டு இழை ஒயர் வேண்டும், அதாவது 86 மீட்டர். 90 மீட்டர் காயில் ஒன்று போதும் போலத் தோன்றும், ஆனால் பேஸும் நியூட்ரலும் ஒரே நிறத்தில் போனால் அடுத்த வருடம் பிரித்துப் பார்க்கிறவர் திணறுவார். இரட்டை இழை ஒயராகவே வாங்கிவிடுவது நிம்மதி.

இதன் பலவீனம் தண்ணீர். நாகர்கோவிலில் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் வால். ஹோல்டர் வாய் மேல்நோக்கி இருந்தால் அது ஒரு குட்டிக் கிண்ணம், உள்ளே 230 வோல்ட். வாய் கீழே பார்க்கத்தான் தொங்க வேண்டும், விளிம்பில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும்.

இரண்டாவது ரோப் லைட். கடைக்காரருக்கு மிகவும் பிடித்தது இதுதான், 50 மீட்டர் சுருளிலிருந்து வேண்டியதை வெட்டிக் கொடுத்துவிடலாம். எத்தனை வாட் என்பது மாடலுக்கு மாடல் மாறும், சுருளின் அட்டையில் மீட்டருக்கு இத்தனை வாட் என்று இருக்கும். நான் பார்த்ததில் 6 வாட். 39 மீட்டருக்கு 234 வாட், ஏறக்குறைய 1 ஆம்பியர், 37 நாளுக்கு 43 யூனிட். ஒரு முனையில் ஒரே ஒரு ப்ளக். கோடு போட்டதுபோல் அழகாக எரியும். கட்டுகிற சுலபத்தில் இதை மிஞ்ச ஆளில்லை.

எனக்குத்தான் இதன்மேல் நம்பிக்கை இல்லை. வெளியே பார்க்கப் பிளாஸ்டிக் கயிறு, ஆனால் கடைசி முனை வரை உள்ளே ஓடுவது வீட்டு மின்சாரம், ப்ளக்கில் இருக்கிற குட்டிப் பெட்டி அதை ஏசியிலிருந்து டிசியாக மாற்றி அனுப்புகிறது, வோல்ட்டைக் குறைப்பதில்லை. இரண்டு வருடம் முன்பு எங்கள் வீட்டில் போட்டேன். மூன்று நாள் ஜோராக எரிந்தது. நான்காம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி டிரிப். காலையில் போட்டால் நிற்கிறது, ராத்திரி மறுபடி விழுகிறது. சாக்கெட்டை மாற்றினேன், ப்ளக்கை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், வெட்டிய முனையில் மாட்டிய மூடி கழன்று பூந்தொட்டிக்குள் கிடந்தது. பனி இறங்கும் நேரத்தில் திறந்த முனை ஈரமாகிக் கசிந்திருக்கிறது, வெயில் வந்ததும் காய்ந்திருக்கிறது. ராத்திரி விழுந்து காலையில் நிற்கிற டிரிப் என்றால் முதலில் ஈரத்தைத் தேடுங்கள். அந்த முனை இருந்தது தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், பிள்ளைகள் சாய்ந்து நின்று தெருவைப் பார்க்கிற இடத்தில். ஆர்சிசிபி மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

மூன்றாவது 12 வோல்ட் எல்இடி பட்டை. மீட்டருக்கு 60 விளக்கு உள்ள சாதாரண ஒற்றை நிறப் பட்டை 4.8 வாட். 39 மீட்டருக்கு 187 வாட். 230 வோல்ட்டை 12 ஆகக் குறைத்துத் தருகிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை எப்போதும் எண்பது சதவீதத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, அதனால் 187ஐ 0.8ஆல் வகுத்தால் 234, கடையில் 250 வாட் பெட்டி. ஈரக்கையால் தொட்டாலும் உயிர்ப்பயம் இல்லை. இதுவரை எல்லாம் சரி. ஆனால் வாட்டைக் கூட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

187 வாட்டை 12ஆல் வகுத்துப் பாருங்கள்: 15.6 ஆம்பியர். ரோப் லைட்டுக்கு 1 ஆம்பியர் போன ஒயரில் இப்போது பதினைந்து மடங்கு போக வேண்டும். ஒயர் நடுவழியிலேயே வோல்ட்டைத் தின்னும்:

```
இழப்பு (V) = 2 × நீளம் (m) × ஒரு மீட்டரின் மின்தடை (Ω) × ஆம்பியர் (A)
```

1.5 ஸ்கொயர், அதாவது 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்கு 0.0133 ஓம் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டை 5 மீட்டர் சுருளாக வரும், ஒன்றின் வாலில் இன்னொன்றைக் கோத்துக்கொண்டே போக முடியாது. இரண்டு சுருள் சேரும் இடத்தில் மின்சாரம் கொடுத்தால் இரு பக்கமும் 5 மீட்டர் எரியும், அதற்கு 48 வாட், 4 ஆம்பியர். கைப்பிடிச்சுவரில் அப்படி மூன்று இடம் வேண்டும். பெட்டி மாடிப்படி அறைக்குள், அங்கிருந்து நடு இடத்துக்கு ஒயர் 19.5 மீட்டர். போட்டுப் பார்த்தால் 2 × 19.5 × 0.0133 × 4, கிட்டத்தட்ட 2.1 வோல்ட் வழியிலேயே காலி. பட்டைக்குப் போய்ச் சேர்வது 9.9 வோல்ட், மாடிப்படி அறைப் பக்கம் பளிச், முன்சுவர் மங்கல். கலர் மாறும் பட்டையாக இருந்தால் வெள்ளை கேட்ட இடத்தில் சிவப்புச் சாயல் அடிக்கும், வோல்ட் குறைந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. 2.5 ஸ்கொயர் ஒயருக்கு மாறினாலும் 1.2 வோல்ட் போய்விடும், பத்தில் ஒரு பங்கு. பெட்டியின் திருகைத் திருப்பி வோல்ட்டை ஏற்றிவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் பக்கத்தில் இருக்கிற பட்டை சூடாகிச் சாகும்.

அப்போதுதான் 24 வோல்ட் பட்டை நினைவுக்கு வந்தது. அதே வாட், பாதி ஆம்பியர். அதே 19.5 மீட்டர், அதே 1.5 ஸ்கொயர் ஒயர், இழப்பு 1 வோல்ட் சொச்சம். 24இல் அது நாலு சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியாது. விலை கொஞ்சம் கூடுதல், சின்னக் கடைகளில் சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டும்.

மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இடத்தைப் பார்த்துப் பிரித்தேன். கை படுகிற கைப்பிடிச்சுவருக்கு 24 வோல்ட் பட்டை, 30.5 மீட்டருக்கு 146 வாட், 200 வாட் பெட்டி. யாரும் எட்டாத மாடிப்படி அறை விளிம்புக்கு அரை வாட் பல்ப் 19, ஸ்டாருக்குள் 9 வாட் எல்இடி. பெட்டி தன் பங்குக்குத் தின்னும் இருபது வாட்டையும் சேர்த்து மொத்தம் 185 வாட், 0.8 ஆம்பியர். ஒயர்தான் கூடுதல். மூன்று இடத்துக்கும் தனித்தனி இரட்டை ஒயர், 9.5, 19.5 மீட்டர், மூன்றாவதைப் பின்சுவர் வழியாகக் குறுக்கே விட்டதில் 16.7. சேர்த்தால் 46 மீட்டர், பத்து சதவீதத்தோடு 51. ரோப் லைட்டுக்கு வெறும் 5 மீட்டர் இணைப்பு ஒயர் போதுமாக இருந்தது. வோல்ட்டைக் குறைத்ததற்கு ஒயரில் கப்பம் கட்டியாயிற்று.

230 வோல்ட் இருக்கிற ப்ளக், பெட்டி எல்லாம் அறைக்குள். வெளியே போகிற ஒயர் சன்னலைத் தாண்டியதும் வெளிப்பக்கம் ஒரு அடி கீழே தொங்கி, பிறகு மேலேறும். வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். வெளி இணைப்புகள் எல்லாம் வாய் கீழே பார்க்கும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள், செங்கல் உயரத்துக்கு மேல், தளத்தில் தண்ணீர் தேங்கினாலும் தொடாது. எந்த ஒயரும் நடைபாதையைக் கடக்கவில்லை.

தங்கை மாப்பிள்ளைக்கு என் மேல் ஒரு வருத்தம். "மச்சான், அந்தக் கொடிக்கம்பி சும்மாதானே கிடக்கு, அதுல சுத்திவிட்டா குறுக்கால ஒரு கோடு கிடைக்குமே" என்றார். துணி காயப்போடுகிற இரும்புக் கம்பியில் 230 வோல்ட் ஒயரைச் சுற்றினால் காற்றில் உரசி உரசித் தோல் போகும், பிறகு கம்பி முழுக்கக் கரண்ட், காலையில் ஈரத்துணியோடு வருகிறவர் அதைப் பிடிப்பார். மறுத்துவிட்டேன். ஸ்டாரை உயர்த்த அவர் வைத்திருந்த 15 அடி இரும்புக் குழாயையும் மறுத்தேன். வீட்டு முன்னால் போகிற ஈபி லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி விதிப்படி வேண்டும்; குழாயைத் தூக்கி நிறுத்தும்போது சரிந்தால் அந்த இடைவெளி எங்கே இருக்கும்? காய்ந்த மூங்கில், பின்பக்க மூலையில், லைனிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி.

எல்லாம் கட்டி முடித்து ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை ஒரு தரம் அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. திரும்பத் தூக்கிவிட்டு, மல்டிமீட்டரோடு முன்சுவர் இணைப்புக்குப் போய்ப் பார்த்தேன்: 22.9.