எல்.ஓ.ஆர். எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கன்சல்டன்சி சொன்னால், பணம் கட்டாதீர்கள்

எல்.ஓ.ஆர். எனப்படும் பரிந்துரைக் கடிதங்கள் மூன்று, அவற்றின் அடியில் மூன்று பேராசிரியர்களின் பெயர்கள். எழுதியதோ ஒரே ஆள், அதுவும் அந்த மாணவியை நேரில் பார்த்தேயிராத ஆள். மெக்கானிக்கல் முடித்துவிட்டு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு நடந்தது இது. கன்சல்டன்சியின் பேக்கேஜிலேயே பரிந்துரைக் கடிதமும் அடக்கம். அவரிடம் கேட்டு வாங்கியது மார்க் ஷீட், ரெஸ்யூமே, மூன்று பேராசிரியர்களின் பெயரும் பதவியும், அவ்வளவுதான். "சாரையெல்லாம் நீங்க போய்த் தொந்தரவு பண்ண வேண்டாம், எங்ககிட்ட விடுங்க" என்றார்கள். விட்டார்.

சில வாரங்கள் கழித்து, கல்லூரியின் இணையதளத்தில் இருந்த துறை முகவரிக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மெயில் வந்தது. இந்தக் கடிதத்தை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதவில்லை என்றார் பேராசிரியர். வேறு என்ன சொல்வார்? விண்ணப்பம் அத்தோடு மூடப்பட்டது. கன்சல்டன்சியைக் கேட்டதற்கு, "பெயர் கொடுத்தது நீங்கதானே மேடம்" என்று பதில். எரிச்சலூட்டும் பதில்தான், ஆனால் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் 'இதில் உள்ள அனைத்தும் உண்மை' என்று உறுதிமொழி கொடுத்துப் பெயரைத் தட்டச்சு செய்வது மாணவர்தான். அங்கே ஏஜென்சியின் பெயர் எங்கேயும் வராது. மாட்டுவது எப்போதும் மாணவர்.

எங்கே கோளாறு என்று புரிய, பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் போர்ட்டல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். விண்ணப்பத்தில் பரிந்துரைப்பவரின் பெயர், பதவி, மெயில் முகவரி மூன்றையும் மாணவர் நிரப்புகிறார். உடனே அந்த முகவரிக்குத் தனி இணைப்பு ஒன்று போகும். பேராசிரியர் அதைத் திறந்து, மாணவரை எத்தனை நாளாக, எந்த வகையில் தெரியும் என்று நிரப்பி, கடிதத்தைப் பிடிஎஃப்பாக ஏற்றுவார். மாணவரின் கை படாமல் கடிதம் நேராகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. கன்சல்டன்சி செய்தது என்னவென்றால், பேராசிரியர்களின் பெயரில் மூன்று இலவச மெயில் முகவரிகளைத் தானே உருவாக்கி, இணைப்பு மூன்றையும் தனக்கே வரவழைத்துக்கொண்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய துப்பறிவாளர் தேவையில்லை. கல்லூரித் தளத்தில் பேராசிரியருக்குக் கல்லூரி முகவரி இருக்கிறது, விண்ணப்பத்தில் வேறொன்று இருக்கிறது. மூன்று கடிதங்களும் ஒரே மாலையில், சில நிமிட இடைவெளியில் வந்திருக்கின்றன. பிடிஎஃப்பைத் திறந்து Properties பார்த்தால், Author என்ற இடத்தில் மூன்றுக்கும் ஒரே பெயர், அதுவும் மூவரில் யாருடையதும் இல்லை. சில பேராசிரியர்கள் இன்னும் சொந்த மெயிலையே பயன்படுத்துகிறார்கள், உண்மைதான். அதை மட்டும் வைத்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். இத்தனையும் ஒன்றாகச் சேரும்போதுதான் துறைக்கு மெயில் போகிறது.

சரி, பிடிபடாமலே போயிருந்தால்? அப்போதும் அந்தக் கடிதங்கள் அவருக்கு எதையும் செய்திருக்காது. ஒன்றில் இருந்த பத்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"இவர் மிகவும் கடின உழைப்பாளி. பாடங்களில் ஆழ்ந்த ஆர்வமும் சிறந்த பகுத்தறியும் திறனும் கொண்டவர். குழுவாகப் பணியாற்றுவதில் வல்லவர். ஒழுக்கமும் நேர்மையும் நிறைந்த இவர் எங்கு சென்றாலும் பெருமை சேர்ப்பார் என்பதில் ஐயமில்லை."

பெயரை மாற்றிவிட்டு இதை வகுப்பில் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். எந்தப் பாடம், எந்த ஆண்டு, எத்தனை பேரில் எத்தனையாவது, என்ன செய்தார் என்ற எதற்கும் இதில் பதில் இல்லை. சேர்க்கைக் குழுவின் கையில் மார்க் ஷீட் ஏற்கெனவே இருக்கிறது. மார்க் ஷீட்டில் தெரியாத ஒன்றைக் கூடவே இருந்து பார்த்தவர் சொல்லட்டும் என்றுதான் கடிதம் கேட்கிறார்கள். இதில் வேடிக்கை, கடிதத்தோடு பல போர்ட்டல்களில் ஒரு மதிப்பீட்டுக் கட்டமும் வரும். சொந்தமாக யோசிப்பது, எழுத்துத் திறன், நம்பகத்தன்மை என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா என்று டிக் செய்ய வேண்டும். கன்சல்டன்சி எல்லாவற்றுக்கும் உச்சத்தில் டிக் அடித்திருந்தது. கட்டம் வானத்தைத் தொடுகிறது, கடிதத்தில் அதற்கு ஒரு சான்றுகூட இல்லை. படிப்பவருக்கு எதை நம்புவது?

இத்தனைக்கும் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. திரவ இயக்கவியல் லேபில் ஆரிஃபிஸ் மீட்டர் சோதனை ஒன்று உண்டு. குழாய்க்குள் துளையுள்ள தகட்டை வைத்து, அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை மானோமீட்டரில் படித்து, வெளியேற்றக் குணகத்தைக் கணக்கிடுவார்கள். அந்த அழுத்த வித்தியாசத்துக்குக் கணக்குப்படி வர வேண்டிய ஓட்டத்தில் உண்மையில் எவ்வளவு பங்கு வருகிறது என்பதுதான் அது. வழக்கமாக 0.61 அருகில் வரும். இவருக்குக் குறைந்த நீரோட்டத்தில் 0.72 வந்தது, அதிக ஓட்டத்தில் 0.63. பலர் இந்த இடத்தில் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எண்ணைச் 'சரி' செய்துவிடுவார்கள். இவர் உட்கார்ந்து யோசித்தார். துளையின் அளவை யாராவது தப்பாகக் குறித்திருந்தால் எல்லா ஓட்டத்திலும் விலகல் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். ஓட்டம் கூடக் கூட விலகல் குறைகிறதென்றால், மானோமீட்டர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு குறைத்துக் காட்டுகிறது. உண்மை உயரம் 40 மில்லிமீட்டராக இருக்கும்போது 11 மில்லிமீட்டர் குறைந்தால் கணக்கு கவிழும், 200 இருக்கும்போது அதே 11 பெரிதாகத் தெரியாது. தண்ணீரை நிறுத்திப் பார்த்தார், இரண்டு பக்கமும் சமமாக நிற்கவில்லை. இணைப்புக் குழாயில் காற்றுக்குமிழி. அதை வெளியேற்றிவிட்டு எல்லா அளவீட்டையும் மறுபடி எடுத்தார். ரிப்போர்ட்டில் புதிய அட்டவணையோடு பழைய தப்பான அட்டவணையையும் காரணத்தோடு சேர்த்துக் கொடுத்தார். அதே கருவியில் முந்தைய நாள் சோதனை செய்த பேட்சிடமும் போய்ச் சொன்னார்.

பேராசிரியர் பக்கத்தில் நின்று பார்த்தது இது. கடிதத்தில் ஐந்தாறு வரியில் முடியும்:

"2 ஆண்டுகளாக இவரை அறிவேன், திரவ இயக்கவியல் பாடமும் லேபும் நான் நடத்தினேன். ஆரிஃபிஸ் மீட்டர் சோதனையில் குணகம் ஓட்டத்தோடு மாறுவதைக் கவனித்து, பிழை நிலையான அளவு கொண்டது என்று யாரும் சொல்லாமலே அனுமானித்து, குழாயில் சிக்கிய காற்றைக் கண்டுபிடித்தார். 58 பேர் வகுப்பில் மற்றவர்கள், எதிர்பார்க்கப்படும் விடையையே தந்தார்கள். தன் முதல் அட்டவணை தவறு என்று எழுதிக் கொடுத்தவர் இவர் மட்டுமே. கேட்காமலே மற்ற குழுவையும் எச்சரித்தார். எழுத்து நடை இன்னும் சுருக்கமாக வேண்டும். இறுதியாண்டு அறிக்கையில் அது மேம்பட்டிருந்தது."

இதில் 'புத்திசாலி', 'நேர்மையானவர்' என்ற சொற்கள் இல்லை என்பதைப் பாருங்கள். திறமைக்கும் குணத்துக்கும் ஒரே சம்பவம் சாட்சி சொல்கிறது. கடைசியில் உள்ள சின்னக் குறையைப் பார்த்துப் பதற வேண்டாம். அது இருப்பதால்தான் மேலே உள்ளதை நம்பத் தோன்றுகிறது. குறை உண்மையானதாகவும், படிக்கப்போகும் படிப்பையே கேள்விக்குள்ளாக்காததாகவும் இருந்தால் போதும். இந்தக் கடிதத்தைக் கன்சல்டன்சி எழுதியிருக்கவே முடியாது. குமிழி பற்றி அவர்களுக்கு யார் சொல்வது?

"நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடறேன்" என்கிற பேராசிரியர்கள் நிறைய. மாணவர்கள் கன்சல்டன்சியிடம் போய் விழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அப்படிக் கேட்டால் கடிதமாக எழுதிக் கொடுக்காதீர்கள், சான்றுகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "சார், உங்களிடம் இந்தப் பாடம் இந்த செமஸ்டரில் படித்தேன். லேபில் நடந்தது இது. ப்ராஜெக்டில் நான் செய்த பகுதி இது, நண்பர் செய்தது இது" என்கிற மாதிரி. கூடவே அந்த ரிப்போர்ட்டின் நகல், மார்க் ஷீட், எங்கே விண்ணப்பிக்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் என்ற பட்டியல். இதைக் கையில் வைத்துக்கொண்டு எழுத அவருக்கு அரைமணி நேரம் போதும், வார்த்தையும் அவருடையதாக இருக்கும். கெடுவுக்கு ஒரு மாதமாவது முன்னால் கேளுங்கள். அமெரிக்க விண்ணப்பங்கள் பல மூன்று கடிதம் கேட்கும், அதனால் கடைசி வாரத்தில் எல்லா மாணவர்களும் அதே நான்கைந்து பேராசிரியர்களின் கதவைத்தான் தட்டுவார்கள். யாரைக் கேட்பது என்றால், பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையைப் பார்த்தவரை. எச்.ஓ.டி. உங்களுக்கு வகுப்பே எடுத்ததில்லை என்றால் அவர் கையெழுத்துக்கு எடை கிடையாது.

போர்ட்டலில் இன்னொரு கேள்வி வரும், கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று. அமெரிக்காவில் 1974-ல் வந்த ஃபெர்ப்பா சட்டப்படி, அங்கே சேர்ந்த பிறகு மாணவர் தன் கோப்பில் உள்ள கடிதத்தைப் பார்க்கக் கேட்கலாம். அந்த உரிமையைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலானோர் விட்டுக்கொடுத்துவிடுவார்கள், எழுதுபவர் மனம்விட்டு எழுதினார் என்று படிப்பவருக்கு அப்போதுதான் படும். கன்சல்டன்சி அந்தப் பெண்ணின் கணக்கில் விட்டுக்கொடுத்ததாக டிக் அடித்துவிட்டு, கடிதத்தை அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிக் காட்டியிருந்தது. அன்றைக்கே மணி அடித்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் போர்ட்டலின் லாகினை உங்கள் கைக்கு வாங்குங்கள். பாஸ்வேர்டைத் தர மறுத்தால், கணக்கு எந்த மெயிலில் திறக்கப்பட்டது என்று கேளுங்கள். அதுவும் அவர்களுடையதாக இருந்தால், பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு நீங்களே எழுதிக் கணக்கை மீட்க வேண்டியிருக்கும். உள்ளே போனதும் பரிந்துரைப்பவர்கள் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு மெயில் முகவரியையும் கல்லூரித் தளத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இன்னும் சமர்ப்பிக்கவில்லை, கடிதமும் ஏறவில்லை என்றால், பல போர்ட்டல்களில் அந்தப் பெயரை நீக்கிவிட்டுச் சரியான முகவரியில் புதிதாக இணைப்பு அனுப்பலாம். சமர்ப்பித்தாகிவிட்டது என்றால், பல்கலைக்கழகம் துறைக்கு மெயில் போடும் முன் நீங்கள் சேர்க்கை அலுவலகத்துக்குப் போடுங்கள். என் அனுமதியில்லாமல் ஏற்றிய கடிதங்கள் இவை, இவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டாம், என் பேராசிரியர்களின் சரியான முகவரிகள் இவை என்று நான்கு வரி போதும். அனுமதி கொடுத்திருந்தால் 'அனுமதியில்லாமல்' என்று எழுதாதீர்கள், நடந்ததை அப்படியே எழுதுங்கள். அந்த விண்ணப்பம் அப்படியும் கைவிட்டுப் போகலாம். கட்டணம் திரும்ப வராது.